99.46 பாஸா, ஃபெயிலா? பகுப்பாய்வுச் சான்றிதழை வரி வரியாக ஒப்பிடும் முறை

கேள்வி: சிட்ரிக் ஆசிட் மோனோஹைட்ரேட்டுக்கு சப்ளையர் அனுப்பிய சி.ஓ.ஏ.வில் அஸே லிமிட் 99.5–100.5%, ரிசல்ட் 99.46% என்று இருக்கிறது. "எல்லாச் சோதனைகளிலும் இணங்குகிறது" என்று கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். எங்கள் லேபில் ஒருவர் பாஸ் என்கிறார், இன்னொருவர் ஃபெயில் என்கிறார். எது சரி? மற்ற வரிகளை எப்படி ஒப்பிட வேண்டும்? சான்றிதழில் இருப்பது இதுதான்:

| சோதனை | லிமிட் | ரிசல்ட் |
|---|---|---|
| தோற்றம் | வெள்ளைப் படிகத் தூள் | இணங்குகிறது |
| நீர் (கார்ல் ஃபிஷர்) | 7.5–9.0% | 8.62% |
| அஸே (நீரற்ற அடிப்படையில்) | 99.5–100.5% | 99.46% |
| ஆக்ஸாலிக் ஆசிட் | 360 பிபிஎம்முக்கு மிகாமல் | < 0.05% |
| சல்ஃபேட் | 150 பிபிஎம்முக்கு மிகாமல் | 0.01% |
| சல்ஃபேட்டட் ஆஷ் | 0.1%க்கு மிகாமல் | இணங்குகிறது |
| கன உலோகங்கள் | 10 பிபிஎம்முக்கு மிகாமல் | இணங்குகிறது |

பதில்:

பார்மகோபியா விதிப்படி 99.46 பாஸ்தான். ஆனால் இந்தச் சான்றிதழில் என்னை நிறுத்துவது அஸே அல்ல, ஆக்ஸாலிக் ஆசிட் வரி. அந்த வரியை வைத்துப் பாஸ் என்றும் சொல்ல முடியாது, ஃபெயில் என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற வரிகள் அவற்றோடு சேர்ந்து வந்துவிடும்.

எல்லா வரிக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட்டும் லிமிட்டும் ஒரே வடிவத்துக்கு வராமல் அவற்றை ஒப்பிடவே கூடாது. ஒரே அலகு, ஒரே அடிப்படை, ஒரே தசம இலக்கம், ஒரே சோதனை முறை. இவை பொருந்திய பிறகு பெரிதா சிறிதா என்று பார்க்கும் வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். சான்றிதழ் வாசிப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நொடியில் நடப்பவை அல்ல, அதற்கு முன்னால் நடக்க வேண்டியது நடக்காமல் போவதால் வருபவை.

அஸே வரி

லிமிட் 99.5 என்று ஒரு தசம இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ரிசல்ட் 99.46 என்று இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. யூ.எஸ்.பி.யின் பொதுக் குறிப்புகளும் ஐரோப்பிய பார்மகோபியாவின் பொதுக் குறிப்புகளும் இந்த இடத்தில் சொல்வது ஒன்றுதான்: ரிசல்ட்டை லிமிட்டில் எத்தனை இலக்கம் இருக்கிறதோ அத்தனை இலக்கத்துக்கு முழுமையாக்கி, அதன் பிறகே ஒப்பிட வேண்டும். முழுமையாக்கும்போது அடுத்த ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். அது 5 அல்லது அதற்கு மேல் என்றால் முந்தைய இலக்கத்தில் ஒன்று கூடும். 5க்குக் கீழ் என்றால் அப்படியே விழுந்துவிடும். 99.46 ஆனது 99.5 ஆகிறது. "99.5 முதல்" என்ற எல்லையில் 99.5 உள்ளே அடக்கம். ஆகவே பாஸ்.

அந்த "ஒரே ஒரு இலக்கம்" என்பதைக் கவனியுங்கள். ரிசல்ட் 99.449 என்று வந்திருந்தால் சிலர் அதை முதலில் 99.45 ஆக்குவார்கள், பிறகு 99.5 ஆக்குவார்கள். இரண்டு தடவை முழுமையாக்கி, ஃபெயிலை பாஸாக்கிய கதை அது. சரியான வழியில் 99.449ஐ ஒரே தடவையில் ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 99.4. அது வெளியே. இதனால்தான் கணக்கின் நடுவில் எந்த எண்ணையும் முழுமையாக்கக் கூடாது, கடைசி விடையை மட்டுமே முழுமையாக்க வேண்டும்.

அப்படியானால் ஃபெயில் என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார்? அதற்கும் ஓர் இடம் உண்டு. ஏஎஸ்டிஎம் இ29 என்ற தரநிலை இரண்டு முறைகளை விவரிக்கிறது. ஒன்று முழுமையாக்கும் முறை, மேலே சொன்னதைப் போன்றது. இன்னொன்று முழு மதிப்பு முறை: அதில் ரிசல்ட்டை முழுமையாக்காமல் உள்ளபடியே லிமிட்டோடு ஒப்பிடுவார்கள், லிமிட் 99.5 என்றால் அது 99.500000 என்றே பொருள்படும். அந்த முறையில் 99.46 ஃபெயில். உலோகம், ரசாயனம், எரிபொருள் போன்ற துறைகளில் கொள்முதல் ஒப்பந்தம் எந்த முறையைச் சொல்கிறதோ அதன்படி போக வேண்டும். பார்மகோபியாவைக் குறிப்பிடும் ஸ்பெசிஃபிகேஷனில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

ஃபெயிலுக்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். உங்கள் லேபில் இதைக் கட்டாயம் சரிபாருங்கள். பார்மகோபியாவில் 99.5 என்று இருப்பதை உங்கள் உள் ஸ்பெசிஃபிகேஷனில் யாராவது அழகுக்காக 99.50 என்று தட்டச்சு செய்திருக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவை வேறு வேறு லிமிட்கள். 99.5 என்ற எல்லை 99.45 வரை இறங்கி ஏற்கும், 99.50 என்ற எல்லை 99.495 வரைதான் இறங்கும். உங்கள் 99.46 முதலாவதில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். சல்ஃபேட்டட் ஆஷுக்கு 0.1% என்ற லிமிட்டிலும் இதே கதை: 0.14 வந்தால் 0.1 ஆகி உள்ளே வரும், 0.15 வந்தால் 0.2 ஆகி வெளியே போகும். அதையே 0.10% என்று எழுதிவிட்டால் 0.14 வெளியே. லிமிட்டில் உள்ள கடைசிப் பூஜ்ஜியமும் லிமிட்டின் ஒரு பகுதி.

கணினித் தாளில் ஒப்பிடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இது. செல்லில் ஒரு தசமம் காட்டும்படி வடிவமைத்திருந்தால் கண்ணுக்கு 99.5 தெரியும், உள்ளே 99.46 இருக்கும், நிபந்தனைச் சூத்திரம் உள்ளே இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். திரையில் 99.5, பக்கத்தில் ஃபெயில் என்று வந்து நிற்கும். சூத்திரத்திலேயே முழுமையாக்கிவிடுங்கள்:

```
=IF(AND(ROUND(B2,1)>=99.5, ROUND(B2,1)<=100.5), "PASS", "FAIL")
```

லிமிட் ஒருபோதும் முழுமையாக்கப்படுவதில்லை. ரிசல்ட் மட்டுமே.

நீரும் அஸேயும் ஒட்டிப் பிறந்தவை

"நீரற்ற அடிப்படையில்" என்ற சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். மோனோஹைட்ரேட்டின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு நீர் மூலக்கூறு இருக்கிறது. மூலக்கூறு எடை 210.14, அதில் நீர் 18.02. அதாவது கோட்பாட்டின்படி 8.6% நீர். சான்றிதழில் 8.62% இருப்பது, வந்த பொருள் சொன்ன பொருள்தான் என்பதோடு ஒத்துப்போகிறது. இந்த இடத்தில் 0.3% என்று இருந்தால் வந்திருப்பது நீரற்ற சிட்ரிக் ஆசிட், வேறு பொருள். அதன் பார்மகோபியா லிமிட் 1.0%க்கு மிகாமல்.

நீர் இவ்வளவு இருக்கும் பொருளில் அஸே எப்படி 99.46 ஆகிறது? சாம்பிளின் எடையிலிருந்து நீரைக் கழித்து, மீதியை நூறாக எடுத்து, டைட்ரேஷனில் கிடைத்த எண்ணை அதன் சதவீதமாகக் கணக்கிடுகிறார்கள்:

```
அஸே (நீரற்றது) = அஸே (உள்ளபடி) × 100 / (100 − நீர்%)
99.46 = 90.89 × 100 / (100 − 8.62)
```

ஆக, டிரம்மில் இருக்கும் பொருளில் உள்ளபடி 90.89% மட்டுமே சிட்ரிக் ஆசிட். 90.89ஐயும் 8.62ஐயும் கூட்டினால் 99.51, நூறுக்கு அருகில் வருகிறது, மிச்சம் அரை சதவீதம். இந்தக் கூட்டலை நான் எப்போதும் போட்டுப் பார்ப்பேன். மொத்தம் 101ஐத் தாண்டினாலோ 98க்குக் கீழே போனாலோ ஏதோ ஒரு எண் தவறு, அல்லது அடிப்படை மாறிப்போயிருக்கிறது.

இந்தச் சமன்பாட்டில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நீரின் எண் கூடினால் அஸேயும் கூடும். நீரை 8.62 என்று அளந்ததால் 99.46 வந்தது. அதே டைட்ரேஷன் ரிசல்ட்டுக்கு நீர் 8.52 என்று அளந்திருந்தால் அஸே 99.36, முழுமையாக்கினால் 99.4, ஃபெயில். நீரில் 0.1% வித்தியாசம் என்பது கார்ல் ஃபிஷர் வேலையில் சாதாரணமாக வரக்கூடியது. சாம்பிளைத் திறந்து வைத்துவிட்டு எடை போட்டாலே போதும். அஸே லிமிட்டின் ஓரத்தில் நிற்கும்போது நீர் வரியைத் தனியாகப் பாஸ் செய்துவிட்டுக் கடந்து போகக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். நீர் வரி தன் லிமிட்டுக்குள் வசதியாக இருக்கிறது. ஆனாலும் அஸே வரியின் விதி அதன் கையில் இருக்கிறது.

டைட்ரேஷன் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய பார்மகோபியா முறையில் 0.550 கிராம் எடுத்து, 50 மி.லி. நீரில் கரைத்து, பினால்ஃப்தலீன் சேர்த்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடால் டைட்ரேட் செய்கிறார்கள். ஒரு மி.லி.க்கு 64.03 மி.கி. சிட்ரிக் ஆசிட். உங்கள் பேட்சுக்குச் செலவாகியிருக்க வேண்டியது ஏறக்குறைய 7.81 மி.லி. இதில் 0.01 மி.லி. கூடக் குறைய வாசித்தால் அஸேயில் 0.13% மாறும். 99.46க்கும் ஃபெயிலாகும் 99.44க்கும் இடையே உள்ள தூரம் 0.002 மி.லி.கூட இல்லை. கைப் பியூரெட்டின் ஒரு சொட்டு இதைப்போல இருபது மடங்குக்கும் மேல். இந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தசமத்தை வைத்து வாதாடுவது எவ்வளவு தூரம் பயனுள்ளது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அளவீட்டில் இவ்வளவு நிச்சயமின்மை இருக்கும்போது 99.46ஐ எப்படி ஏற்பது என்ற கேள்வி வரும். பார்மகோபியா லிமிட்கள், பகுப்பாய்வில் இயல்பாக வரும் பிழைக்கும் சேர்த்தே வகுக்கப்பட்டவை. அதனால் "பிழைக்காக இன்னும் 0.2 தள்ளிக் கொடுங்கள்" என்று லிமிட்டை வெளிப்பக்கம் நீட்டவும் கூடாது, லிமிட்டுக்குள் இருக்கும் எண்ணை அளவீட்டு நிச்சயமின்மையைச் சொல்லி நிராகரிக்கவும் வேண்டியதில்லை. பார்மகோபியாவுக்கு வெளியே நிலைமை வேறு. ஐஎஸ்ஓ 17025ன் 2017 பதிப்பின்படி, ஒரு லேப் "இணங்குகிறது" என்று எழுதிக்கொடுத்தால் எந்த முடிவெடுக்கும் விதியை வைத்து அப்படிச் சொன்னது என்பதையும் ஆவணப்படுத்த வேண்டும். அத்தகைய சான்றிதழில் ஓரத்து ரிசல்ட் வந்தால் அந்த விதி என்ன என்று கேளுங்கள்.

உற்பத்திப் பகுதிக்கு ஒரு வார்த்தை. நீரற்ற கணக்கில் 50 கிலோ சிட்ரிக் ஆசிட் தேவை என்றால், 99.46ஐ வைத்து 50.27 கிலோ எடை போடுபவர்கள் உண்டு. உண்மையில் தேவை 50ஐ 0.9089ஆல் வகுத்தது, 55.01 கிலோ. முதலில் சொன்னபடி போட்டால் சுமார் 8.6% குறைவாகப் போய்ச் சேரும். அது மட்டுமல்ல, மோனோஹைட்ரேட் உலர்ந்த காற்றில் தன் நீரை மெல்ல இழக்கும். சான்றிதழில் உள்ள 8.62 சோதனை நடந்த நாளின் எண். டிரம் திறந்து பல நாள் ஆகியிருந்தால் நீரைத் திரும்ப அளந்துவிட்டு எடையைக் கணக்கிடுங்கள்.

ஆக்ஸாலிக் ஆசிட்: இந்தச் சான்றிதழின் உண்மையான ஓட்டை

லிமிட் 360 பிபிஎம். ரிசல்ட் "< 0.05%". அலகை மாற்றுங்கள்: 1% என்பது 10,000 பிபிஎம், எனவே 0.05% என்பது 500 பிபிஎம். சான்றிதழ் சொல்வது "500க்குக் கீழே எங்கோ இருக்கிறது" என்பது மட்டுமே. லிமிட் 360. பொருளில் 50 பிபிஎம் இருந்தாலும் இந்த வரி உண்மை, 450 பிபிஎம் இருந்தாலும் இந்த வரி உண்மை. ஒன்று பாஸ், மற்றது ஃபெயில். எனவே இந்த ரிசல்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கண் இதை ஏன் விட்டுவிடுகிறது என்றால், 360 என்ற பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் 0.05 என்ற சின்ன எண் இருக்கிறது, முன்னால் "குறைவு" என்ற குறியும் இருக்கிறது. மனம் தானாகவே டிக் போட்டுவிடுகிறது. "<" குறி உள்ள எந்த ரிசல்ட்டிலும் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தக் குறிக்குப் பின்னால் உள்ள எண், அலகு மாற்றிய பிறகு, லிமிட்டை விடச் சிறியதா அல்லது அதற்குச் சமமா? ஆம் என்றால் பாஸ். இல்லை என்றால் சோதனை முறைக்கு இந்த லிமிட்டைப் பார்க்கும் கூர்மை இல்லை, அல்லது வேறு லிமிட்டுக்கான சோதனையைச் செய்திருக்கிறார்கள். "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தாலும் இதே கேள்விதான்: எந்த அளவு வரை பார்த்துக் கண்டறியப்படவில்லை?

பார்மகோபியாவில் இந்த ஆக்ஸாலிக் ஆசிட் சோதனை நிற ஒப்பீடு. சாம்பிள் கரைசலில் தோன்றும் இளஞ்சிவப்பு, 360 பிபிஎம்முக்குச் சமமான ஒப்பீட்டுக் கரைசலின் நிறத்தை விட அடர்த்தியாக இருக்கக் கூடாது. ஆக, அங்கிருந்து வரக்கூடிய நேர்மையான விடை "இணங்குகிறது", அல்லது "360 பிபிஎம்முக்கு மிகாமல்". 0.05% என்ற எண் அந்த முறையிலிருந்து வர வழியில்லை. சப்ளையர் வேறு முறையைப் பயன்படுத்தியிருக்கிறார், அல்லது வேறு கிரேடுக்கான வார்ப்புருவிலிருந்து இந்த வரி வந்து விழுந்திருக்கிறது. இரண்டில் எது என்று அவர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இங்கே அஸே உங்களுக்குத் துணைக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோடியம் ஹைட்ராக்ஸைடுக்கு சிட்ரிக் ஆசிட் எது, ஆக்ஸாலிக் ஆசிட் எது என்று தெரியாது. எந்த அமிலமாக இருந்தாலும் அது நடுநிலையாக்கும். அஸே நன்றாக இருக்கிறது, ஆகவே அசுத்தமும் குறைவாகத்தான் இருக்கும் என்ற தர்க்கம் இந்தப் பொருளில் செல்லாது.

மற்ற வரிகள்

சல்ஃபேட்டில் 0.01% என்பது 100 பிபிஎம், லிமிட் 150. பாஸ் என்று தெரிகிறது. ஆனால் 0.01 என்று ஒரே இலக்கத்தில் எழுதியதால், அதன் பின்னால் இருக்கும் அசல் எண் 0.005க்கும் 0.015க்கும் இடையே எதுவாகவும் இருக்கலாம்: 50 முதல் 150க்குச் சற்றுக் கீழ் வரை. அதிர்ஷ்டவசமாக அந்த முழு வீச்சும் லிமிட்டுக்குள் அடங்குகிறது, எனவே பாஸ். அடுத்த பேட்சில் 0.02% என்று வந்தால் 200 பிபிஎம், ஃபெயில், ஆனால் 0.015% என்று துல்லியமாகச் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் முழுமையாக்கி 0.02 என்று எழுதியிருக்கவும் கூடும். 150 என்றால் "150க்கு மிகாமல்" என்பதில் அது பாஸ். "150க்குக் குறைவாக" என்று இருந்தால்தான் ஃபெயில். லிமிட் பிபிஎம்மில் இருந்தால் ரிசல்ட்டையும் பிபிஎம்மிலேயே தரச் சொல்லுங்கள்.

சல்ஃபேட்டட் ஆஷ் வரியில் "இணங்குகிறது" என்று எழுதியிருப்பதை ஏற்காதீர்கள். அது எடை போட்டுச் செய்யும் சோதனை. குரூசிபிளை எடை போட்டவரிடம் ஓர் எண் இருந்தே தீரும்; அந்த எண் சான்றிதழில் இருக்க வேண்டும். ஐசிஎச் க்யூ7 வழிகாட்டி மருந்துப் பொருள்களின் சான்றிதழ் பற்றிப் பேசும்போது இதையே கேட்கிறது: ரிசல்ட் எண்ணாக இருந்தால் எண்ணையே தர வேண்டும், ஏற்பு லிமிட்டையும் தர வேண்டும். தோற்றம், அடையாளச் சோதனை, நிற ஒப்பீட்டு லிமிட் சோதனை ஆகியவற்றில் "இணங்குகிறது" போதும், அங்கே வேறு விடை இல்லை. எடை, டைட்ரேஷன், கார்ல் ஃபிஷர், குரோமடோகிராஃபி ஆகியவற்றில் போதாது.

கன உலோகங்கள் வரி வேறொரு செய்தியைச் சொல்கிறது. சல்ஃபைடு வீழ்படிவின் நிறத்தைப் பார்த்துச் செய்யும் அந்தப் பழைய சோதனையை யூ.எஸ்.பி. 2018 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது. ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் என்று தனிமங்களைத் தனித்தனியாகக் கருவியால் அளக்கும் முறை அதன் இடத்துக்கு வந்தது. சான்றிதழில் இந்த வரி இன்னும் இருப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. சில வாங்குபவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள், சில தொழில் கிரேடுகளில் இன்னும் இருக்கும். ஆனால் மருந்து கிரேடு சான்றிதழில் பதிப்பு எண் இல்லாமல் இந்த வரி மட்டும் இருந்தால், லிமிட் பத்தி முழுவதுமே பழைய பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ என்ற சந்தேகம் நியாயமானது.

அது என்னை முக்கியமான இடத்துக்குக் கொண்டுவருகிறது. சான்றிதழில் அச்சாகியிருக்கும் லிமிட் சப்ளையரின் லிமிட். நீங்கள் ஒப்பிட வேண்டியது உங்கள் ஸ்பெசிஃபிகேஷனின் லிமிட்டோடு. சான்றிதழின் லிமிட் பத்தியை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, உங்கள் ஸ்பெசிஃபிகேஷனைப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்து சான்றிதழை நோக்கி வாசியுங்கள். சான்றிதழிலிருந்து ஸ்பெசிஃபிகேஷனை நோக்கி வாசித்தால் சான்றிதழில் இல்லாத சோதனை உங்கள் கண்ணில் படவே படாது. நீங்கள் கொடுத்த பட்டியலிலேயே பாருங்கள்: அடையாளச் சோதனை இல்லை. எளிதில் கரியாகும் பொருள்களுக்கான சோதனையும் இல்லை. பார்மகோபியாவின் சிட்ரிக் ஆசிட் பகுதியில் அது உண்டு. இருக்கும் வரிகளை எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தாலும் இல்லாத வரி கிடைக்காது. சப்ளையர் அதை எல்லா பேட்சிலும் செய்யாமல் அவ்வப்போது மட்டும் செய்கிறார் என்றால், அடிக்குறிப்பில் அப்படி எழுதியிருக்க வேண்டும், அதற்கு நீங்கள் முன்பே ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும்.

எண்களுக்கு மேலே இருப்பவை

தலைப்பகுதியில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பேட்ச் எண்ணை டிரம் லேபிளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு எழுத்து வேறு பேட்சைக் குறிக்கலாம். தேதிகள் உற்பத்தி, சோதனை, வெளியீடு என்ற வரிசையில் இருக்க வேண்டும். மறுசோதனைத் தேதியும் காலாவதித் தேதியும் ஒன்றல்ல: முதலாவது தாண்டினால் திரும்பச் சோதித்துப் பயன்படுத்தலாம், இரண்டாவது தாண்டினால் பயன்படுத்தக் கூடாது.

உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்பதை மட்டும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். 2006இல் பனாமாவில் கிளிசரின் என்ற பெயரில் வந்த டைஎதிலீன் கிளைக்கால் இருமல் மருந்தில் கலந்து பலர் இறந்தார்கள். அந்தப் பொருள் கைமாறிக் கைமாறி வந்தபோது, சான்றிதழ் இடைத்தரகர்களின் பெயரில் திரும்ப எழுதப்பட்டு, அசல் உற்பத்தியாளர் யார் என்பதே மறைந்துபோனது. சான்றிதழில் தூய்மை 99.5% என்று இருந்தது. வியாபாரியின் தாளில் வரும் சான்றிதழோடு அசல் உற்பத்தியாளரின் சான்றிதழ் நகலும் இணைந்திருக்க வேண்டும் என்று க்யூ7 சொல்வது இப்படிப்பட்ட ஆபத்துக்காகத்தான். எவ்வளவு நல்ல சான்றிதழ் வந்தாலும் அடையாளச் சோதனையை நீங்களே செய்ய வேண்டும் என்பதும் அதற்காகத்தான். அமெரிக்க மருந்து விதிகளில் இது கட்டாயம்.

முந்தைய சில பேட்சுகளின் சான்றிதழ்களையும் எடுத்து வரிசையாக வையுங்கள். நீர் 8.62, அஸே 99.46 என்பவை எல்லா பேட்சிலும் மாறாமல் இருந்தால் யாரும் அளக்கவில்லை, முந்தையதன் மேல் பேட்ச் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு மாறாக, அஸே 99.9, 99.8, 99.7 என்று இறங்கிவந்து இப்போது 99.46 என்றால் எல்லாமே பாஸ்தான், ஆனால் அடுத்தது பாஸாகாமல் போகலாம்.

இந்த பேட்சை என்ன செய்வது

பேட்சை குவாரன்டைனிலேயே வைத்திருங்கள். நிராகரிக்க இன்னும் காரணம் இல்லை, ஏற்கவும் வழி இல்லை. அடையாளச் சோதனை, நீர், அஸே மூன்றையும் உங்கள் லேபில் செய்யுங்கள். நீரையும் அஸேயையும் ஒரே சாம்பிள் பாட்டிலிலிருந்து, ஒரே நாளில் எடுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன சமன்பாடு வேறு வேறு பொருள்களைக் கலந்து விடை தரும். ஆக்ஸாலிக் ஆசிட்டுக்குப் பார்மகோபியாவின் நிற ஒப்பீட்டை நீங்களே செய்துவிடலாம், சப்ளையரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அஸே 99.4 என்று வந்தால் அதை 99.46ஓடு சராசரி எடுத்து உள்ளே கொண்டுவர முயலாதீர்கள். அது லிமிட்டுக்கு வெளியே வந்த ரிசல்ட். முதலில் உங்கள் எடை, டைட்ரன்ட்டின் மோலாரிட்டி, நீர் அளவு மூன்றிலும் பிழை இருக்கிறதா என்று விசாரணை நடக்க வேண்டும்.

சப்ளையரிடம் எழுத்தில் நான்கு கேளுங்கள்: ஆக்ஸாலிக் ஆசிட்டுக்குப் பயன்படுத்திய முறையும் அதன் கண்டறியும் எல்லையும்; சல்ஃபேட்டட் ஆஷின் எண்; விடுபட்ட சோதனைகளின் ரிசல்ட்; எந்தப் பார்மகோபியாவின் எந்தப் பதிப்பு. பதிலாகத் திருத்திய சான்றிதழ் வரும்போது, அது பழையதைத் திருத்தியது என்ற குறிப்பும் புதிய தேதியும் அதில் இருக்க வேண்டும். "< 0.05%" என்பது "< 0.036%" ஆக மாறி, சோதனைத் தேதியும் முறையும் அப்படியே இருந்தால், மாறியது எண் மட்டுமே, அந்த வரிக்கான அசல் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்கும் வரை அதை ரிசல்ட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.